தூரம், வேகம், நேரம் ஒத்துப்போகாத விநியோக அட்டவணை: சரிபார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாண நகரிலிருந்து ஏ-9 வீதி வழியாக வன்னிக்குப் பொருள் அனுப்பும் மொத்த வியாபார நிலையங்களில், வாகனம் எந்தக் கடைக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று எழுதிய தாள் ஒன்று இருப்பது வழக்கம். தூரம், சராசரி வேகம், போய்ச் சேரும் நேரம் என மூன்று நிரல்கள் அதில் இருக்கும். இவற்றில் இரண்டு தெரிந்தால் மூன்றாவதைக் கணக்கிட்டு விடலாம். ஆகவே மூன்றும் எழுதப்பட்ட தாளில் ஒன்றுக்கொன்று பொருந்தாத வரி ஒன்று இருந்தால், எங்கோ பிழை இருக்கிறது என்பது மட்டும் உறுதியாகும். பிழை எந்த நிரலில் இருக்கிறது என்பதைக் கழித்தலும் வகுத்தலும் மட்டும் சொல்லிவிடுவதில்லை. சரிபார்ப்பவர்கள் அவசரப்பட்டு நேரத்தை மாற்றி எழுதிவிடுவது இந்த இடத்தில்தான்.

விளக்கத்துக்காக ஓர் அட்டவணையை எடுத்துக்கொள்வோம். பட்டா வாகனம் ஒன்று காலை 6.00 மணிக்கு நகரிலுள்ள களஞ்சியத்திலிருந்து புறப்பட்டு மாங்குளம் வரை போய்த் திரும்புகிறது. தூரங்கள் சுற்றெண்களாகத் தரப்பட்டுள்ளன.

| இடம் | தூரம் (கி.மீ.) | வேகம் (கி.மீ./மணி) | சேரும் நேரம் |
|---|---|---|---|
| சாவகச்சேரி | 16 | 32 | 6.30 |
| பளை | 21 | 42 | 7.15 |
| பரந்தன் | 20 | 48 | 7.55 |
| கிளிநொச்சி | 5 | 30 | 8.20 |
| மாங்குளம் | 19 | 45 | 9.15 |
| திரும்பி யாழ்ப்பாணம் | 92 | 40 | 12.00 |

தாளின் அடியில், மாங்குளம் வரையான மொத்தத் தூரம் 81 கிலோமீற்றர் என்றும், சராசரி வேகம் மணிக்கு 39.4 கிலோமீற்றர் என்றும் எழுதப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

பெரும்பாலானவர்கள் முதலில் பார்ப்பது இந்த அடிவரியைத்தான். 81 கிலோமீற்றரை 39.4 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2 மணித்தியாலம் 3 நிமிடம் வருகிறது. அப்படியானால் வாகனம் 8.03 மணிக்கு மாங்குளத்தில் நிற்க வேண்டும், தாளிலோ 9.15 என்று இருக்கிறது. 72 நிமிட வித்தியாசத்தைக் கண்டதும் தாள் முழுவதும் பொய் என்று முடிவு கட்டத் தோன்றும். ஆனால் அந்த 72 நிமிடம் ஒரே பிழையன்று. வெவ்வேறு காரணங்களால் வந்த மூன்று வித்தியாசங்கள் அதற்குள் சேர்ந்து கிடக்கின்றன, அவற்றில் ஒன்று மற்ற இரண்டுக்கும் எதிர்த் திசையில் இழுக்கிறது. மொத்தத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது முதலாவது தவறாக இருப்பது இதனால்தான்: பிழைகள் கூடியும் கழிந்தும் போவதால் மொத்தம் சரியாக இருந்தாலும் வரிகள் பிழைத்திருக்கலாம், மொத்தம் பிழைத்திருந்தாலும் பெரும்பாலான வரிகள் சரியாக இருக்கலாம். வரிவரியாக, அடுத்தடுத்த இரு நேரங்களுக்கு இடையிலான வித்தியாசத்தை எடுத்துப் பார்க்க வேண்டும்.

சாவகச்சேரி வரியில் சிக்கல் இல்லை. 16 கிலோமீற்றரை மணிக்கு 32 என்ற வேகத்தில் ஓட 30 நிமிடம் ஆகும்; 6.30 சரி. பளைக்கு வரும்போது 21 ஐ 42 ஆல் வகுக்க மறுபடியும் 30 நிமிடம் வருகிறது, ஆனால் 6.30 இலிருந்து 7.15 வரை 45 நிமிடம் இருக்கிறது. பரந்தன் வரியில் ஓட்டத்துக்கு 25 நிமிடமும் தாளில் 40 நிமிடமும், கிளிநொச்சி வரியில் ஓட்டத்துக்கு 10 நிமிடமும் தாளில் 25 நிமிடமும் இருக்கின்றன. மூன்று வரிகளிலும் மிஞ்சுவது ஒரே 15 நிமிடம். தூரம் 5 கிலோமீற்றரோ 21 கிலோமீற்றரோ, மிச்சம் மாறவில்லை. ஆகவே அது வீதியில் செலவான நேரமன்று, முந்திய கடையில் பொருள் இறக்கிக் கணக்குப் பார்க்க நின்ற நேரம். வேகம் பிழைத்திருந்தால் மிச்சம் தூரத்துக்கேற்பக் கூடிக் குறைந்திருக்கும். இங்கே தாளில் பிழை எதுவும் இல்லை. புறப்படும் நேரத்துக்கான நிரல்தான் இல்லை. இதை அறியாதவர் 21 கிலோமீற்றரை 45 நிமிடத்தால் வகுத்து, வேகத்தை 42 இலிருந்து 28 ஆகக் குறைத்து எழுதிவிடுவார். அதன் பிறகு ஒரு நாள் பளையில் கடை பூட்டியிருந்தால், அங்கே நிற்காமல் போகும் வாகனம் எப்போது பரந்தனை அடையும் என்பதை அந்தத் தாளை வைத்துச் சொல்ல முடியாமற் போகும்.

மாங்குளம் வரியில்தான் கவனம் மிகவும் தேவை. கிளிநொச்சியில் 15 நிமிடம் நின்று 8.35 க்குப் புறப்படும் வாகனம், 19 கிலோமீற்றரை மணிக்கு 45 என்ற வேகத்தில் ஏறத்தாழ 25 நிமிடத்தில் கடந்து 9.00 மணிக்குச் சேர வேண்டும். தாளில் 9.15. மறுபடியும் அதே 15 நிமிடம்! மேலே மூன்று வரிகளில் இதே எண்ணுக்கு ஒரு நல்ல விளக்கம் கிடைத்துவிட்டதால், இங்கேயும் அதையே ஒட்டிவிட மனம் சாய்கிறது: வழியில் எங்கோ தேநீருக்கு நின்றிருப்பார்கள், முறிகண்டியில் பிள்ளையாரை வணங்கி நின்றிருப்பார்கள் என்று. அப்படியும் நடந்திருக்கலாம், ஆனால் இறக்கும் நேரத்தை ஏற்கனவே கழித்துவிட்டோம், ஆகவே இந்த 15 நிமிடத்துக்குத் தனிச் சான்று வேண்டும்.

சான்று அதே தாளில் இருக்கிறது. போகும் வழியின் தூரங்களைக் கூட்டினால் 81. அதே வீதியால் திரும்பும் தூரம் 92. ஒரே வீதி போகும்போது 11 கிலோமீற்றர் சுருங்காது. அடுத்து, 8.35 இலிருந்து 9.15 வரையான 40 நிமிடத்தில் 19 கிலோமீற்றர் என்றால் வேகம் 28.5 மட்டுமே, தாளில் எழுதிய 45 ஐ இதனால் வகுத்தால் ஏறத்தாழ 1.6 வருகிறது. வித்தியாசம் இந்த விகிதத்தில் வந்தால் உடனே மைலை நினைக்க வேண்டும், ஏனெனில் ஒரு மைல் 1.609 கிலோமீற்றர். 19 மைல் என்பது 30.6 கிலோமீற்றர், 30 கிலோமீற்றரை மணிக்கு 45 இல் ஓடச் சரியாக 40 நிமிடம் ஆகும், கிளிநொச்சி வரையான 62 உடன் 30 ஐக் கூட்டினால் 92 ஆகும். மூன்று வழியாலும் ஒரே விடை கிடைக்கிறது. நேரமும் வேகமும் சரி, தூரம்தான் மைலில் எழுதப்பட்டுவிட்டது.

நம் பகுதியில் இது அரிதாக நடக்கும் பிழையன்று. இலங்கை கிலோமீற்றருக்கு மாறிப் பல ஆண்டுகள் ஆகியும் தூரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்லும் பழக்கம் போகவில்லை. கிளிநொச்சியில் 155ஆம் கட்டை என்பது இன்றும் ஓர் இடத்தின் பெயராக வழங்குகிறது. வயதில் மூத்த சாரதி ஒருவர் “பத்தொன்பது கட்டை இருக்கும் தம்பி” என்று சொன்னதை, எழுதுபவர் அலகைக் கேளாமல் கிலோமீற்றர் நிரலில் குறித்திருந்தால் இந்த வரி இப்படித்தான் அமையும்.

திரும்பும் வரியின் பிழை வேறு வகையானது. கடைசிக் கடையில் இறக்கி 9.30 க்குப் புறப்படும் வாகனம் 92 கிலோமீற்றரை மணிக்கு 40 இல் கடக்க 2.3 மணித்தியாலம் ஆகும். நாம் நேரத்தைப் புள்ளி வைத்து எழுதும் வழக்கமுடையவர்கள். ஆறரை மணியை 6.30 என்று எழுதிப் பழகிய கண்ணுக்கு 2.3 என்பது இரண்டரை மணித்தியாலமாகவே தெரியும். அதனால்தான் 12.00 என்று எழுதப்பட்டிருக்கிறது. உண்மையில் 0.3 மணித்தியாலம் என்பது 18 நிமிடம், வாகனம் 11.48 க்கு வந்துவிடும். இந்தப் பிழையைக் கண்டுகொள்ள, தூரத்தை வேகத்தால் வகுத்துவரும் விடையை உடனே 60 ஆல் பெருக்கி நிமிடமாக்கிவிட்டு அதன் பிறகே கடிகார நேரத்துடன் கூட்ட வேண்டும்.

கணினியில் அட்டவணை தயாரிப்பவர்களுக்கு இதே புள்ளி இன்னொரு வகையில் இடையூறு செய்கிறது. எக்செல்லில் 6.30 என்று தட்டினால் அது நேரமாக அல்லாமல் 6.3 என்ற சாதாரண எண்ணாகவே பதியும். நேரத்தை 6:30 என்றுதான் கொடுக்க வேண்டும். எக்செல் ஒரு நாளை 1 என்று கணக்கிடுவதால், மணித்தியாலத்தில் வரும் விடையை 24 ஆல் வகுத்தே நேரத்துடன் கூட்ட வேண்டும். A2 இல் புறப்படும் நேரமும் B2 இல் தூரமும் C2 இல் வேகமும் இருந்தால், சேரும் நேரத்துக்கான சூத்திரம் இது:

```
=A2+B2/C2/24
```

அந்தக் கலத்தை நேர வடிவத்துக்கு மாற்றினால் விடை நேராகத் தெரியும்.

இனி அடிவரிக்குத் திரும்பலாம். 39.4 என்ற சராசரி, ஐந்து வேகங்களையும் கூட்டி ஐந்தால் வகுத்துப் பெறப்பட்டது. இது பரந்தனிலிருந்து கிளிநொச்சி வரையான 5 கிலோமீற்றருக்கும், மாங்குளம் வரையான 30 கிலோமீற்றருக்கும் ஒரே மதிப்பைக் கொடுக்கிறது. பல பகுதிகளுக்கான சராசரி வேகம் என்பது மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுத்துப் பெறுவது மட்டுமே. ஓடிய நேரம் 135 நிமிடம், சரியான தூரம் 92 கிலோமீற்றர். ஓட்டத்தின் சராசரி வேகம் ஏறத்தாழ 41. நான்கு கடைகளில் நின்ற 60 நிமிடத்தையும் சேர்த்தால் அது 28 ஆகிவிடும். இந்த இரண்டும் சரியான எண்கள்தான். எது எதைக் குறிக்கிறது என்று எழுதாமல் விட்டால்தான் ஒருவர் மற்றவரைப் பிழை சொல்லும் நிலை வருகிறது. தொடக்கத்தில் கண்ட 72 நிமிடமும் இப்போது பிரிந்துவிடுகிறது: பொருள் இறக்க 60, மைலால் 15, சராசரியைத் தவறாக எடுத்ததால் எதிர்த் திசையில் 3.

இங்கே ஓர் எல்லையையும் சொல்ல வேண்டும். மூன்று நிரல்களும் பொருந்துகின்றன என்பதால் மட்டும் ஒரு வரியை நம்ப முடியாது. வேகம் அளக்கப்படாமல், தூரத்தையும் நேரத்தையும் வைத்துக் கணக்கிட்டு நிரப்பப்பட்டிருந்தால், அந்த வரி எப்போதும் பொருந்தியே தீரும். அது எதையும் சோதிப்பதில்லை. மாங்குளம் வரியில் பிழை அகப்பட்டதற்குக் காரணம், 45 என்ற வேகமும் 92 என்ற திரும்பும் தூரமும் அந்த 19 இலிருந்து பெறப்படாதவை என்பதுதான். ஆகவே எந்த எண்ணையும் திருத்துவதற்கு முன், அதை யார், எதைப் பார்த்து எழுதினார் என்று கேட்க வேண்டும். கடைக்காரர் கையொப்பமிட்ட சீட்டில் உள்ள நேரமும், வாகனத்தின் மீற்றரில் பார்த்து எழுதிய தூரமும் நேரில் கண்டவை. வேகம் பெரும்பாலும் ஊகம் அல்லது கணக்கு. அட்டவணை பொருந்த வேண்டும் என்பதற்காக வேகத்தைக் கூட்டி எழுதுவது, சாரதியை அந்த வேகத்தில் ஓடச் சொல்வதாகவே முடியும் என்பதால், இந்தத் தவறைத்தான் நான் மிகவும் கடுமையாகக் கருதுகிறேன்.

அடுத்த பயணத்தில் சாரதியிடம் ஒவ்வொரு கடையிலும் மீற்றர் எண்ணையும், வந்த நேரத்தையும், புறப்பட்ட நேரத்தையும் குறித்துவரச் சொல்லி, வேக நிரலைக் கணக்கில் மட்டும் நிரப்பலாம். நேரங்களை ஐந்து நிமிடத்துக்கு முழுமையாக்கி எழுதும் வழக்கம் இருந்தால், ஐந்து நிமிடத்துக்கு உட்பட்ட வித்தியாசங்களைத் துரத்த வேண்டியதில்லை. மேலுள்ள தாளில் மாற வேண்டியவை மாங்குளத்தின் தூரம், அடிவரி, திரும்பும் நேரம் ஆகியன மட்டுமே. கடைகளுக்குச் சொல்லியிருந்த நேரங்களில் ஒன்றைக்கூட மாற்ற வேண்டியதில்லை.