டி.எம்.டி. டெஸ்ட்: ரிப்போர்ட்டில் 'பாசிட்டிவ்' என்றோ 'ஈக்விவோகல்' என்றோ வந்தால்

மண்டபம், பாம்பன் பக்கத்திலிருந்து நெஞ்சு அடைக்கிறது என்று ராமநாதபுரத்துக்கு வருகிறவர்களில் பலர், "ஈசிஜி நல்லாத்தான் இருக்கு, அப்புறம் எதுக்கு இந்த ஓட்டம்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் நன்றாகவே சுருங்கியிருந்தாலும், சும்மா படுத்திருக்கும்போது வருகிற ரத்தம் போதும். அதனால் ஈசிஜியில் எதுவும் தெரியாமல் போகலாம். இதயத்தை வேகமாக வேலை வாங்கினால்தான் பற்றாக்குறை வெளியே வரும். டி.எம்.டி.யில், அதாவது ஓடும் பட்டை உள்ள ட்ரெட்மில்லில் நடக்க வைத்து ஈசிஜி பார்ப்பது அதற்காகத்தான்.

தயாராவது எப்படி

இரண்டு மூன்று மணி நேரம் முன்பே லேசாகச் சாப்பிட்டுவிடுங்கள். டீ, காபி, பீடி வேண்டாம். பெண்கள் சேலையில் நடப்பது சிரமம், சுடிதார் போட்டு வாருங்கள். முக்கியமானது மாத்திரை. அட்டினோலால், மெட்டோப்ரோலால் போன்றவை இதயத் துடிப்பை ஏறவிடாது. அதை நிறுத்தணுமா, எத்தனை நாள் முன்பு என்று டெஸ்ட் எழுதிக்கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நடை எப்படிப் போகும்

நெஞ்சில் ஸ்பிரிட் தேய்த்து எண்ணெய்ப் பசையை எடுத்துவிட்டு வயர்களை ஒட்டுவார்கள். கையில் பி.பி. பட்டை. பெரும்பாலும் புரூஸ் முறையில்தான் செய்வார்கள். முதல் 3 நிமிடம் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம், 10 சதவீத ஏற்றம். அடுத்த 3 நிமிடம் 4 கிலோமீட்டர், 12 சதவீதம். மூன்றாவது கட்டத்தில் 5.5 கிலோமீட்டர், 14 சதவீதம். இங்கேதான் பலருக்கும் மூச்சு வாங்கும். 220-இல் வயதைக் கழித்து, அதில் 85 சதவீதம் வரை துடிப்பு ஏறினால்தான் கோளாறு இல்லை என்ற முடிவு கணக்கில் சேரும். நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால் உடனே சொல்லுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நடக்கத் தேவையில்லை. இறங்கியபின் சில நிமிடமாவது கிராப் ஓடும். அந்தப் பகுதியையும் டாக்டர் கவனமாகப் பார்ப்பார்.

கோடு எப்படி இறங்குகிறது

ஈசிஜியில் கூர்மையான அலைக்கு அடுத்து வரும் பகுதிக்கு எஸ்டி என்று பெயர். அது 1 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ கீழே இறங்கி, படுத்தபடி நேராகவோ மேலும் கீழ்நோக்கியோ போனால் பாசிட்டிவ். தாளில் 1 மில்லிமீட்டர் என்பது ஒரு சின்னக் கட்டம்தான். ஆனால் எல்லாப் பாசிட்டிவும் ஒன்றல்ல. முதல் கட்டத்திலேயே இறங்கியதா, கூடவே வலி வந்ததா, பி.பி. ஏறாமல் விழுந்ததா, ஓய்வில் ஐந்து நிமிடத்துக்கு மேலும் இறங்கியே கிடந்ததா? இவை இருந்தால் தள்ளிப்போடாமல் ஆஞ்சியோவுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஈக்விவோகல் என்றால் இரண்டுங்கெட்டான் முடிவு. ஒரு உதாரணம் பார்ப்போம். சின்னப்பாலத்தில் கடலில் முங்கிப் பாசி எடுக்கும் 50 வயது அக்கா ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கரையில் பாசி மூட்டை தூக்கினால் நெஞ்சு இறுக்குகிறது. 220-இல் 50 போனால் 170, அதில் 85 சதவீதம் சுமார் 145. அவர் 6 நிமிடம் 40 விநாடி நடந்து 148-ஐத் தொட்டுவிட்டார், வலி இல்லை. எஸ்டி 1 மில்லிமீட்டர் இறங்கியது. ஆனால் படுக்காமல் மேல்நோக்கிச் சாய்ந்து ஏறியது. நின்ற ஒரு நிமிடத்தில் சரியாகிவிட்டது. இதைப் பாசிட்டிவ் என்று எழுத முடியாது. அறிகுறி இருப்பதால் நெகட்டிவ் என்று விடவும் மனசு வராது.

இங்கே அடுத்து நான் பார்க்கச் சொல்வது ரத்தத்தில் ஹீமோகுளோபின். அவருக்கு அது 8.5 இருந்தால், ரத்தசோகையே கோட்டை இறக்கியிருக்கலாம். பெண்களுக்குக் குழாயில் அடைப்பில்லாமலே கோடு இறங்குவது ஆண்களைவிட அதிகம், நாள்பட்ட பி.பி.யால் தடித்த இதயச் சுவரும், இதயத்துக்குக் கொடுக்கும் டிகாக்சின் மாத்திரையும் இதே வேலையைச் செய்யும். அதனால் எக்கோ எடுத்து, ரத்தசோகைக்கு மருந்து தொடங்கி, பிறகு இதயத்தை வேலை வாங்கி எடுக்கும் ஸ்ட்ரெஸ் எக்கோவோ, ஸ்கேனில் குழாயைப் பார்க்கும் சிடி ஆஞ்சியோவோ செய்து சந்தேகத்தைத் தீர்ப்பார்கள். ஆனால் இறுக்கம் ஓய்விலும் வர ஆரம்பித்தால் இந்த வரிசைக்கெல்லாம் காத்திருக்கக் கூடாது, நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

துடிப்பு 145-ஐ எட்டாமல், மூட்டு வலியால் 115-லேயே இறங்கியிருந்தால் கதை வேறு. அப்போது கோடு சரியாக இருந்தாலும் 'நார்மல்' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இதயத்தைச் சோதிக்கவே இல்லை என்றுதான் பொருள்.

மேல் சிகிச்சைக்கு மதுரைக்குப் போகச் சொன்னால், முடிவு எழுதிய ஒற்றைத் தாளை மட்டும் கொண்டுபோகாதீர்கள். ஒவ்வொரு கட்டத்தின் கிராபும் ஓய்வு நேரக் கிராபும் உள்ள முழுக் கட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அன்று சாப்பிட்டிருந்த மாத்திரைகளின் பெயரையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.