நீக்கல் முறையில் இரண்டு சமன்பாடுகளைத் தீர்ப்பதும் விடையைச் சரிபார்ப்பதும்

கீழே உள்ள இரண்டு சமன்பாடுகளுக்கும் ஒருசேரப் பொருந்தும் x, y மதிப்புகளைக் கண்டுபிடிக்கப் போகிறோம்.

```
2x + 3y = 23   (1)
3x − 2y = 2    (2)
```

முதலில் ஒரு மாறியை நீக்க வேண்டும். எதை நீக்கினாலும் விடை ஒன்றுதான். ஆனாலும் பெருக்கத் தொடங்குமுன் குறிகளை ஒருமுறை பாருங்கள். y-இன் கெழுக்கள் +3, −2. குறிகள் எதிரெதிராக இருப்பதால் கூட்டினாலே y போய்விடும். கழிப்பதைவிடக் கூட்டுவதில் பிழை குறைவு, அதனால் y-ஐயே நீக்குவோம்.

3, 2 ஆகியவற்றின் மீ.பொ.ம. 6. எனவே (1)-ஐ 2-ஆலும் (2)-ஐ 3-ஆலும் பெருக்குங்கள். சமக்குறிக்கு வலப்பக்கம் உள்ள எண்ணையும் சேர்த்துப் பெருக்க வேண்டும். பலர் மறப்பது அதைத்தான்.

```
4x + 6y = 46
9x − 6y = 6
------------
13x     = 52
x = 4
```

அப்புறம் x = 4 என்பதை (1)-இல் பிரதியிடுங்கள்.

```
2(4) + 3y = 23
3y = 15
y = 5
```

சரி, விடை வந்துவிட்டது. இனி சரிபார்க்க வேண்டும். இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். y-ஐ (1)-இலிருந்துதான் எடுத்தோம். ஆகவே x தவறாக இருந்தாலும்கூட (1) பொருந்தத்தான் செய்யும். உண்மையான சோதனை (2)-இல்தான் இருக்கிறது.

```
3(4) − 2(5) = 12 − 10 = 2
```

பொருந்துகிறது. x = 4, y = 5.

தவறான விடை எப்படி ஏமாற்றும் என்பதையும் பார்த்துவிடுவோம். ஒருவர் x-ஐ நீக்க முடிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். (1)-ஐ 3-ஆலும் (2)-ஐ 2-ஆலும் பெருக்கினால்:

```
6x + 9y = 69
6x − 4y = 4
```

மேலிருந்து கீழே உள்ளதைக் கழிக்கும்போது 9y − (−4y) = 13y வர வேண்டும். குறியை மாற்றாமல் 5y என்று எழுதிவிட்டால் 5y = 65, y = 13 கிடைக்கும். அதை (1)-இல் பிரதியிட்டால் x = −8. இரண்டும் முழு எண்கள் என்பதால் சந்தேகமே வராது. (1)-இல் போட்டால் −16 + 39 = 23, சரியாகவே இருக்கும்! (2)-இல் போட்டால்தான் −24 − 26 = −50 என்று வந்து, 2 வரவேண்டிய இடத்தில் குட்டு வெளிப்படும். சரிபார்க்கும்போது நீங்கள் பெருக்கி எழுதிய வரிகளில் பிரதியிடாதீர்கள். பெருக்கியதிலேயே பிழை இருந்தால் அது தெரியாமல் போகும். கணக்கில் முதலில் கொடுத்த சமன்பாடுகளுக்கே போங்கள்.

சில கணக்குகளில் இரண்டு மாறிகளும் சேர்ந்தே நீங்கிவிடும். 2x + 3y = 23, 4x + 6y = 46 என்றால் மிஞ்சுவது 0 = 0. இரண்டும் ஒரே சமன்பாடுதான், எண்ணற்ற விடைகள் உண்டு. 46-க்குப் பதில் 40 இருந்தால் 0 = 6 என்று முடியும். அதற்கு விடையே கிடையாது.