கொழும்பு ரிசெப்ஷனில் மாப்பிள்ளையின் நன்றியுரை: எழுதுவது எப்படி?

முதலில் நேரத்தைத் தீர்மானியுங்கள். பெரும்பாலும் கேக் வெட்டியபின், பஃபே திறக்கும் முன்தான் உங்களைப் பேசச் சொல்வார்கள். எல்லாரும் பசியோடு இருப்பார்கள். ஆகவே மூன்று நிமிடம் போதும். எழுதினால் ஒரு பக்கம்.

நன்றி சொல்ல வேண்டியவர்களின் பெயர்களை அடுக்காதீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வந்த சித்தப்பாவின் பெயரை விட்டுவிட்டு, கனடாவிலிருந்து வந்த மாமாவின் பெயரைச் சொன்னால், அந்தக் கதை வருடக்கணக்கில் ஓடும். "தூர இடங்களிலிருந்து வந்த சொந்தங்கள்" என்று ஒரே வரியில் எல்லாரையும் சேர்த்துவிடுங்கள்.

அடுத்து பெண் வீட்டார். இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். மாமாவையோ மாமியையோ பற்றி உண்மையாக நடந்த ஒரு சம்பவத்தை எடுங்கள். பகிடியும் நன்றியும் அதே விஷயத்திலிருந்து வரவேண்டும். உதாரணமாக, மாமியின் சாப்பாடு:

"முதன்முதலா வெள்ளவத்தை வீட்டுக்குப் போனபோது மாமி புட்டு போட்டா. நான் 'காணும் மாமி' எண்டு சொல்லச் சொல்ல, அவவுக்கு 'இன்னும் போடுங்கோ' எண்டுதான் கேட்டது. ரெண்டு மாசத்தில கோட் சூட்டைப் பெருப்பிக்க வேண்டியதாப் போச்சு."

இங்கே சிரிப்பு வரும். அது அடங்கும்வரை காத்திருங்கள். பிறகு மெதுவாக:

"எங்கட அம்மா ஆஸ்பத்திரியில இருந்தபோது, ஒவ்வொரு நாளும் சாப்பாடு கொண்டு வந்ததும் இதே மாமிதான். அப்ப கலியாணம் பேசிக்கூட முடியேல்லை. மாமி, அதை நான் மறக்கமாட்டன்."

பகிடியில் மாட்டிக்கொள்வது மாப்பிள்ளைதான், மாமியல்ல என்பதைக் கவனியுங்கள். புட்டு அளவுக்கு மிஞ்சியதைக் கேட்டுச் சிரித்த சபைக்கு, அதே கை ஆஸ்பத்திரிக்கும் சாப்பாடு கொண்டு வந்தது என்று கேட்கும்போது மாமியின் குணம் தானாகவே புரிந்துவிடும். சீதனம், நிறம், பழைய காதல் பக்கம் போகவே கூடாது. எழுதியதை மனைவியாகப் போகிறவரிடம் முன்பே வாசித்துக் காட்டுங்கள். மாமிக்கு எது பிடிக்காது என்று அவருக்குத்தான் தெரியும். ஆஸ்பத்திரி போன்ற வீட்டு விஷயத்தைச் சபையில் சொல்வதற்கு அம்மாவிடமும் கேளுங்கள்.

கொழும்பில் அலுவலக நண்பர்களில் சிங்களவர்களும் இருப்பார்கள். அவர்களைப் பார்த்து "ஒக்கொமட்ட போஹோம ஸ்துதி" என்றால் போதும். முழு உரையையும் மூன்று மொழியில் சொல்லப் போனால் நேரம் மும்மடங்காகும், பகிடியும் செத்துவிடும்.

சொந்த அம்மா அப்பாவைக் கடைசிக்கு வையுங்கள். அந்த இடத்தில் தொண்டை அடைக்கும். அதற்குப் பிறகு வேறு எதையும் பேச முடியாது. அதனால் ஒரே வசனம், அதுவும் குறிப்பான ஒன்று: "அப்பா, நீங்கள் ஓவர்டைம் செய்த காசில்தான் நான் படிச்சனான்." அழுகை வந்தால் மைக்கைக் கொஞ்சம் விலக்கி, ஒரு மூச்சு எடுத்துவிட்டுத் தொடருங்கள்.

ஒத்திகையை எழுந்து நின்று, வாய்விட்டு, ஃபோனில் நேரம் பார்த்துச் செய்யுங்கள். மனதுக்குள் வாசித்தால் எப்போதும் குறைவாகத்தான் காட்டும். நான்கு நிமிடத்தைத் தாண்டினால் வெட்ட வேண்டியது நண்பர்களைப் பற்றிய பகுதியை, மாமியைப் பற்றியதை அல்ல.