ஸ்மார்ட் ஸ்பீக்கர் கூப்பிட்டும் கேட்கவில்லையா? ரீசெட் செய்யும் முன் விளக்கைப் பாருங்கள்

சித்தப்பா வீடு மாறியதிலிருந்து அவருடைய ஸ்பீக்கர் சரியாகப் பேசவில்லை என்று தினமும் போன். நேரில் போய்ப் பார்த்துச் சரிசெய்தாயிற்று. அதை இங்கே எழுதி வைக்கிறேன். ஆப் இன்ஸ்டால் செய்வது, கணக்கு திறப்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், ரீசெட் பட்டனைத் தொடாதீர்கள். இணையத்தில் எதைத் தேடினாலும் "ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதைச் செய்தால் வைஃபை விவரம் அழிந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து அமைக்க வேண்டும், கோளாறு பவரில் இருந்தால் அது அப்படியேதான் இருக்கும்.

படி 1: பெயர் சொல்லிக் கூப்பிட்டு விளக்கைப் பாருங்கள்

"அலெக்சா" என்றோ "ஓகே கூகுள்" என்றோ நீங்கள் சொல்லும் அந்தச் சொல்லை ஸ்பீக்கர் தனக்குள்ளேயே கண்டுபிடிக்கிறது, அதற்கு இணையம் வேண்டாம். அதற்குப் பிறகு கேட்கும் கேள்விதான் வைஃபை வழியாக வெளியே போகிறது. அதனால் மூன்று விதமாகப் பிரிக்கலாம். கூப்பிட்டும் விளக்கு அசையவே இல்லை என்றால் மைக்கைப் பாருங்கள். விளக்கு எரிந்து, இணையம் கிடைக்கவில்லை என்று சொன்னால் வைஃபை. பதில் சொல்ல ஆரம்பித்து நடுவில் அணைந்து மறுபடி துவங்கினால் பவர். இதைப் பார்க்காமல் ரௌட்டரை நோண்ட வேண்டாம்.

படி 2: மைக் ஸ்விட்ச்

எக்கோ டாட்டில் மேலே ஒரு பட்டன் இருக்கும், மைக் அணைந்திருந்தால் விளக்கு சிவப்பாகவே நிற்கும். ஒரு முறை அழுத்தினால் போதும். கூகுளின் ஹோம் மினி, நெஸ்ட் மினியில் ஒயர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் தள்ளு ஸ்விட்ச், அணைந்திருந்தால் ஆரஞ்சு நிறம் தெரியும். தூசு துடைக்கும்போது, இடம் மாற்றும்போது கை பட்டு நகர்வது இந்த ஸ்விட்ச்தான். வாயால் சொல்லி இதை மறுபடி ஆன் செய்ய முடியாது, மைக்கே அணைந்திருக்கும்போது யார் கேட்பது? கையால்தான் தள்ள வேண்டும்.

படி 3: வைஃபை

ரௌட்டர் மாற்றினாலோ பாஸ்வேர்டை மாற்றினாலோ ஸ்பீக்கர் பழையதையே தேடிக்கொண்டிருக்கும். இதற்கு எல்லாரும் ஸ்பீக்கரை மறுபடி அமைக்கிறார்கள். எனக்குப் பிடித்தது வேறு வழி: புது ரௌட்டருக்குப் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் வைத்துவிடுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, இடைவெளி எல்லாம் அச்சு அசலாக இருக்க வேண்டும். ஸ்பீக்கர், பல்பு, கேமரா எல்லாம் தானாகவே ஒட்டிக்கொள்ளும். ரௌட்டரில் பாதுகாப்பு வகை WPA3 மட்டும் என்று இருந்தால் பழைய ஸ்பீக்கர்கள் சேராது, WPA2 அல்லது இரண்டும் கலந்ததைத் தேர்ந்தெடுங்கள்.

மறுபடி அமைத்தே ஆக வேண்டும் என்றால், போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு ஆரம்பியுங்கள். சில மாடல்களில் அமைக்கும்போது ஸ்பீக்கர் ஒரு தற்காலிக வைஃபையைத் திறக்கும். அதில் இணையம் இல்லை என்று கண்டதும் போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், ஆப் சுற்றிக்கொண்டே இருக்கும்.

கரண்ட் போய் வந்தவுடன் "இணையம் இல்லை" என்றால் கொஞ்சம் பொறுங்கள். ஸ்பீக்கர் சீக்கிரம் எழுந்துவிடும், ஃபைபர் பெட்டி எழ இரண்டு மூன்று நிமிடம் ஆகும்.

படி 4: பவர் (என்னை அதிக நேரம் உட்கார வைத்தது)

சித்தப்பா வீட்டில் நடந்தது இதுதான். மைக் ஆன், வைஃபையும் சரி. மெதுவான சத்தத்தில் மணி கேட்டால் ஒழுங்காகச் சொல்கிறது. பாட்டுப் போட்டு சத்தத்தை ஏற்றினால் பட்டென்று அணைந்து, விளக்கு சுற்றி, மறுபடி துவங்குகிறது. துவங்கும் அந்த நேரத்தில் கூப்பிட்டால் எப்படிக் கேட்கும்? அவருக்கு அது "காது கேட்காத" ஸ்பீக்கர்.

அடாப்டர் வீடு மாறும்போது தொலைந்திருந்தது. மைக்ரோ யூஎஸ்பி துளை உள்ள ஸ்பீக்கர் என்பதால் டிவியின் பின்னால் இருக்கும் யூஎஸ்பியில் செருகியிருந்தார்கள். சாதாரண யூஎஸ்பி 2.0 துளை தருவது 5 வோல்ட், 0.5 ஆம்பியர், பெருக்கினால் 2.5 வாட். அந்த ஸ்பீக்கரின் அடியில் அச்சிட்டிருந்தது இது:

```
5V 1.8A
```

அதாவது 9 வாட். சும்மா இருக்கும்போது கொஞ்சமாகத்தான் இழுக்கும், சத்தம் ஏறும்போதுதான் முழுசாகக் கேட்கும்.

சரி என்று 5 வோல்ட் 2 ஆம்பியர் சார்ஜர் ஒன்று போட்டேன். அப்போதும் அணைந்தது! சார்ஜரை விட்டுவிட்டு ஒயரைப் பார்த்தேன். 2 மீட்டர் நீளம், மெல்லிய மலிவு ஒயர். கம்பியின் தடிமனைச் சொல்லும் எண்தான் கேஜ். 28 கேஜ் கம்பி என்றால் மீட்டருக்கு 0.21 ஓம் போல வரும். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும், ஆக 4 மீட்டர், ஏறக்குறைய 0.85 ஓம். 1 ஆம்பியர் இழுத்தாலே வழியில் 0.85 வோல்ட் காணாமல் போய், ஸ்பீக்கருக்குப் போவது 4.15 வோல்ட்தான். 24 கேஜ் ஒயர் என்றால் அதே நீளத்தில் இழப்பு 0.34 வோல்ட்.

நல்ல ஒயரின் மேலேயே இப்படிப் பொடி எழுத்தில் இருக்கும்:

```
28AWG/1P 24AWG/2C
```

முதல் பாதி தகவல் கம்பி, இரண்டாவது பாதிதான் பவர் கம்பி. எண் குறைந்தால் கம்பி தடிமன். ஒன்றுமே அச்சிடாத ஒயரை நான் வாங்குவதில்லை. 1 மீட்டர் ஒயர் மாற்றியதும் முழுச் சத்தத்திலும் நிற்காமல் ஓடியது. அடிக்கடி இந்த வேலை பார்ப்பவர்கள் நடுவில் செருகும் சின்ன யூஎஸ்பி மீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். சத்தம் ஏறும்போது வோல்ட் எவ்வளவு சரிகிறது என்று கண்ணுக்கே தெரியும், ஊகிக்க வேண்டியதில்லை.

பின்சேர்க்கை 1: "33 வாட் ஃபாஸ்ட் சார்ஜர் போட்டும் அணைகிறதே" என்று ஒருவர் கேட்டிருந்தார். அந்த 33 வாட், போனும் சார்ஜரும் தங்களுக்குள் பேசி ஒத்துக்கொண்டால்தான் வரும். இந்தப் பழைய ஸ்பீக்கருக்கு அந்தப் பேச்சு தெரியாது. சார்ஜரில் 5V என்ற வரியில் என்ன ஆம்பியர் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். அது 2 அல்லது 3 என்றால் சார்ஜர் போதும், ஒயரைச் சந்தேகப்படுங்கள்.

பின்சேர்க்கை 2: உருண்டை பின் உள்ள அடாப்டரில் ஒன்றுக்குப் பதில் வேறொன்றைப் போடலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். இதில் விளையாட வேண்டாம். மூன்றாம் தலைமுறை எக்கோ டாட்டுக்கு 12 வோல்ட் 1.25 ஆம்பியர், நெஸ்ட் மினிக்கு 14 வோல்ட் 1.1 ஆம்பியர். இரண்டுமே ஏறக்குறைய 15 வாட் என்பதால் ஒன்றை மற்றொன்றில் செருகத் தோன்றும். வாட் ஒன்றாக இருந்தாலும் வோல்ட் வேறு. ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை, வோல்ட் மட்டும் ஸ்பீக்கரின் அடியில் அச்சிட்டிருப்பதோடு ஒத்துப்போக வேண்டும்.

பின்சேர்க்கை 3: ஹாஸ்டல் வைஃபையில் சேரவே இல்லை என்பவர்களுக்கு: சேர்ந்ததும் பிரவுசரில் பெயர், ஓடிபி கேட்கும் வைஃபை என்றால் ஸ்பீக்கரால் அந்தப் பக்கத்தைத் திறந்து நிரப்ப முடியாது. போன் ஹாட்ஸ்பாட்தான் சுலபமான வழி. ஆனால் ஸ்பீக்கரை அமைக்க இன்னொரு போன் தேவைப்படலாம், ரூம்மேட்டிடம் கேளுங்கள்.