பழைய கிட்டாரை விற்க எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய அக்கூஸ்டிக் கிட்டார் விற்பனைக்கு வரும்போது அதோடு வரும் விவரம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது: "நல்ல கண்டிஷன், டோன் அருமை, லேசா ஒரு செட்டப் போட்டால் போதும்." வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டியது இதில் ஒன்றுகூட இல்லை. அந்தக் கடைசித் துண்டு இருக்கிறதே, அதுதான் மோசம். செட்டப் என்று அவர்கள் சொல்வது தந்தியின் உயரத்தைச் சரிசெய்யும் ஒரு மணி நேர வேலையாகவும் இருக்கலாம், கழுத்தையே கழற்றி மாட்டும் வேலையாகவும் இருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க ஒரு ஸ்டீல் ஸ்கேலும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

முதலில் ஆக்‌ஷன், அதாவது பிரெட்டுக்கு மேல் தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது. "ஆக்‌ஷன் ஓகே", "கொஞ்சம் ஹை" என்றெல்லாம் எழுதுவது வீண், ஏனென்றால் வருடக்கணக்காக வாசிப்பவருக்குக் கொஞ்சம் உயரமாக இருப்பது புதிதாகக் கற்பவரின் விரலைக் கிழித்துவிடும். 12-ஆவது பிரெட்டின் தலையிலிருந்து தந்தியின் அடிப்பக்கம் வரை எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுதுங்கள். ஸ்டீல் தந்தி கிட்டாரில் தடித்த ஈ தந்தி சுமார் 2.5, மெல்லிய ஈ தந்தி சுமார் 2 என்றால் பெரும்பாலானவர்களுக்கு வசதி. நைலான் தந்தி போட்ட கிளாசிக்கல் கிட்டாரில் 4, 3 என்பதே சாதாரணம், அதனால் எந்த வகைக் கிட்டார் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் எழுதாதீர்கள். அளக்கும்போது ஆறு தந்தியும் சரியான சுருதியில் இருக்க வேண்டும். மூலையில் பல மாதம் கிடந்த கிட்டாரைத் தந்தி தளர்ந்த நிலையிலேயே அளந்தால் ஆக்‌ஷன் குறைவாகத்தான் காட்டும். வாங்கியவர் வீட்டில் சுருதி சேர்த்ததும் ஏறிவிடும்.

ஆக்‌ஷன் மட்டும் போதாது. பிரிட்ஜுக்கு மேல் சேடில் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதையும் எழுத வேண்டும். தந்தி வந்து உட்கார்கிற அந்த வெள்ளைத் துண்டுதான் சேடில். அதன் அளவை விட்டுவிடுவதுதான் இந்த விவரங்களில் நான் பார்க்கும் பெரிய குறை.

ஒரு கிட்டாரை எடுத்துக்கொள்வோம். தடித்த ஈ தந்தி 12-ஆவது பிரெட்டில் 3.8 மி.மீ. உயரத்தில் நிற்கிறது, சேடில் 3 மி.மீ. வெளியே தெரிகிறது. அதை 2.5-க்குக் கொண்டுவர வேண்டும். முதலில் கழுத்தின் வளைவைப் பார்ப்போம்: தந்தியை முதல் பிரெட்டிலும் 14-ஆவது பிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு, நடுவில் 7-ஆவது பிரெட்டுக்கும் தந்திக்கும் எவ்வளவு இடைவெளி என்று பார்க்க வேண்டும். 0.1 முதல் 0.25 மி.மீ. வரை இருந்தால் சரி. நம் கிட்டாரில் அது அதிகமாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற கம்பியை இறுக்கிக் கழுத்தை நிமிர்த்துகிறோம். அப்படிச் செய்தாலும் ஆக்‌ஷன் 0.2 அளவுக்குத்தான் இறங்கும். இப்போது 3.6. இன்னும் 1.1 குறைக்க வேண்டும்.

மீதியைச் சேடிலைத் தேய்த்துத்தான் இறக்க முடியும். ஆனால் 12-ஆவது பிரெட் தந்தியின் சரிபாதியில் இருப்பதால், அங்கே 1.1 இறங்க வேண்டுமென்றால் சேடிலில் அதைப்போல் இரண்டு மடங்கு, 2.2 மி.மீ. தேய்க்க வேண்டும். இருப்பது 3, தேய்த்தபின் மிச்சம் 0.8. அவ்வளவு குட்டையான சேடில் மேல் தந்தி போதுமான கோணத்தில் மடங்காது, அழுத்தமும் குறையும், சத்தம் மெலிந்துபோகும். ஆக, இந்தக் கிட்டாருக்குத் தேவை செட்டப் இல்லை, நெக் ரீசெட். பல வருடத் தந்தி இழுப்பில் உடலும் கழுத்தும் சேரும் இடத்தில் கோணம் மாறிவிட்டது. கழுத்தைக் கழற்றி, அடியில் மரத்தைச் செதுக்கி, கோணம் சரிசெய்து திரும்பப் பொருத்த வேண்டும். போல்ட் போட்ட கழுத்து என்றால் வேலை கொஞ்சம் எளிது. பசை போட்டு ஒட்டியது என்றால் நீராவி கொடுத்துக் கழற்ற வேண்டும், மலிவான கிட்டாரில் அந்தக் கூலி கிட்டார் விலையையே தாண்டிவிடலாம். "ட்ரஸ் ராடைத் திருகினால் ஆக்‌ஷன் இறங்கிவிடும்" என்று எழுதுவது இதனால்தான் தவறு. ட்ரஸ் ராட் கழுத்தின் வளைவை மட்டுமே சரிசெய்யும், கழுத்து உடலோடு சேரும் கோணத்தைத் தொடவே தொடாது.

இந்தக் கிட்டாருக்கு நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்: "சரியான சுருதியில் 12-ஆவது பிரெட்டில் தடித்த ஈ 3.8 மி.மீ., மெல்லிய ஈ 3 மி.மீ. சேடில் வெளியே தெரிவது 3 மி.மீ. முதல் ஐந்து பிரெட்டுக்குள் கார்டு வாசிக்க முடிகிறது, மேலே போகப் போகக் கடினம். நெக் ரீசெட் தேவைப்படும் என்று நினைக்கிறேன், விலையை அதை மனதில் வைத்தே சொல்லியிருக்கிறேன்." இதைப் படித்துவிட்டு வருகிறவர் விஷயம் தெரிந்து வருகிறார், வந்தபின் பேரம் பேச அவருக்குப் புதிதாக எதுவும் கிடைக்காது.

பிரெட் தேய்மானத்தையும் இதே மாதிரி இடம் சொல்லி எழுதுங்கள். பெரும்பாலும் முதல் மூன்று பிரெட்டில், மெல்லிய தந்திகளுக்கு நேர் கீழே சின்னப் பள்ளம் விழுந்திருக்கும். ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு பிரெட்டிலும் ஒருமுறை அழுத்தி மீட்டிப் பார்த்தால் எங்கே உறுமுகிறது, எங்கே சத்தம் செத்துப்போகிறது என்று தெரிந்துவிடும். "பி தந்தி, 2-ஆவது பிரெட்டில் உறுமல்" என்ற ஒரு வரி "பிரெட்ஸ் நன்றாக இருக்கின்றன" என்பதைவிட ஆயிரம் மடங்கு உபயோகம்.

சரி, மரத்துக்கு வருவோம். "ஸ்ப்ரூஸ் டாப்" என்று எழுதிவிட்டால் எல்லாம் சொன்னதாக ஆகாது. ஒரே பலகையா, மெல்லிய தகடுகளை ஒட்டிய லேமினேட்டா என்பதுதான் கேள்வி, லேமினேட்டின் மேல் தகடும் ஸ்ப்ரூஸாக இருக்கலாம். சவுண்ட்ஹோலின் விளிம்பை விளக்கு வைத்து உற்றுப் பாருங்கள். மேலே ஓடும் மரக்கோடுகள் விளிம்பைத் தாண்டி அதன் கனத்திலும் தொடர்ந்தால் அது சாலிட். கோடு அறுந்து, கனத்தில் அடுக்கடுக்காகத் தெரிந்தால் லேமினேட். சில கிட்டார்களில் விளிம்பைச் சுற்றிப் பட்டை ஒட்டியிருப்பார்கள், அங்கே எதுவும் தெரியாது. அப்போது மாடல் எண்ணைக் கொடுத்துவிட்டு "உறுதியாகத் தெரியவில்லை" என்று எழுதினால் போதும். பின்பலகைக்கு வேறொரு வழி: வெளியே ஒரு தனித்த கோலத்தைத் தேர்ந்தெடுத்து, சவுண்ட்ஹோல் வழியாக உள்ளே அதே இடத்தைப் பாருங்கள். இரண்டு பக்கமும் பொருந்தாவிட்டால் பெரும்பாலும் லேமினேட்தான். லேமினேட் என்று எழுதத் தயங்க வேண்டியதில்லை, வறண்ட காற்றில் வெடிப்பு விடாமல் தாங்குவதில் அது சாலிடைவிட மேல்.

நிறத்தைப் பார்த்து மரத்தின் பெயர் எழுதாதீர்கள். கருஞ்சிவப்பாக இருப்பதெல்லாம் ரோஸ்வுட் இல்லை, சாயம் ஏற்றிய வேறு மரமாகவும் இருக்கும். குறிப்பாக "பிரேசிலியன் ரோஸ்வுட்" என்ற பெயரை ஆதாரம் இல்லாமல் போடவே கூடாது. அந்த மரம் 1992 முதல், அழிந்துவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, அதில் செய்த கிட்டாரை நாடு தாண்டி விற்கக் காகிதம் வேண்டும். மற்ற ரோஸ்வுட் வகைகளில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்கு கிடைத்துவிட்டது, பிரேசிலியனுக்கு அது பொருந்தாது. விலை ஏறும் என்று ஒரு சொல்லைச் சேர்க்கப்போய் வாங்குகிறவருக்குச் சுங்கத்தில் சிக்கல் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

அப்புறம் விரிசல். "சின்ன கிராக் இருக்கிறது, சத்தத்தில் வித்தியாசம் இல்லை" என்று எழுதினால் அது பாலிஷில் மட்டும் விழுந்த கோடா, மரமே பிளந்ததா என்று தெரியாது. அறையை இருட்டாக்கி, ஒரு சின்ன விளக்கைச் சவுண்ட்ஹோலுக்குள் வைத்துப் பாருங்கள், கோட்டின் வழியே வெளிச்சம் கசிந்தால் பிளவுதான். கசியவில்லை என்பதால் மட்டும் பிளவு இல்லை என்று ஆகிவிடாது, போனை உள்ளே விட்டு அந்த இடத்தின் அடிப்பக்கத்தைப் படமெடுத்துப் போடுங்கள். குறுக்கே சின்ன மரத்துண்டுகள் ஒட்டியிருந்தால் ஏற்கெனவே யாரோ பழுது பார்த்திருக்கிறார்கள், அதையும் எழுதுங்கள். பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள், போனால் பிரிட்ஜ் பலகையிலிருந்து எழும்புகிறது என்று அர்த்தம், எத்தனை மில்லிமீட்டர் போகிறது என்று சொல்லுங்கள்.

தலைப்பகுதி உடைந்து ஒட்டிய கிட்டார் விற்கவே முடியாதது இல்லை. நல்ல மரப்பசையில் சரியாக ஒட்டியது பல வருடம் அப்படியே நிற்கும். ஆனால் எப்போது உடைந்தது, என்ன பசை, ஒட்டியபின் எவ்வளவு காலம் முழு சுருதியில் இருந்திருக்கிறது, இந்த மூன்றையும் சொல்லியே ஆக வேண்டும். விற்பதற்கு முந்தின நாள் இரவு சூப்பர் க்ளூ ஊற்றி மறைப்பது எல்லாவற்றிலும் கெட்ட காரியம். அது மரத்துக்குள் ஊறி இறுகிவிட்டால் பிறகு சரியான பசை அங்கே பிடிக்காது, நிபுணர் கையில் கொடுத்தாலும் முதலில் அதைச் சுரண்டி எடுக்கவே பாடுபட வேண்டும். உடைந்ததை உடைந்தபடியே படமெடுத்து விற்பது எவ்வளவோ மேல்.

வயலின் விற்பவர்களுக்கு இரண்டு விஷயம் கூடுதலாக. ஓரத்தில் பலகையும் பக்கச்சுவரும் சேரும் தையல் விட்டிருப்பதைக் "கிராக்" என்று எழுதிவிடாதீர்கள். மரம் வெடிப்பதற்கு முன் தையல் விடட்டும் என்றுதான் அங்கே வேண்டுமென்றே விலகக்கூடிய வஜ்ஜிரப் பசை போடுகிறார்கள், திரும்ப ஒட்டுவது எளிய வேலை. அதற்கு நேரெதிர், உள்ளே நிற்கும் சவுண்ட்போஸ்ட் குச்சிக்கு நேராகப் பின்பலகையில் விழும் விரிசல். அது சின்னதாகத் தெரிந்தாலும் வயலினின் விலையைப் பெருமளவு இறக்கிவிடும், எனவே கோடு எங்கே இருக்கிறது என்பதை பிரிட்ஜிலிருந்து அளந்து, படத்தில் காட்டி எழுதுங்கள். உள்ளே ஸ்ட்ராடிவாரியஸ் என்று சீட்டு ஒட்டியிருந்தால் "சீட்டில் இப்படி அச்சிட்டிருக்கிறது" என்று மட்டும் எழுதலாம். தொழிற்சாலையில் செய்த வயலின்களில் அந்தச் சீட்டை ஏராளமாக ஒட்டி விற்றிருக்கிறார்கள், அதனால் யார் செய்தது என்பதற்கு அது சாட்சி ஆகாது.