அலுமினியத் தகட்டில் மூடி வட்டங்கள்: மூன்று நாள் போன கணக்கு

ஹட்டனில் எங்கள் பட்டறைக்கு 2440 × 1220 மி.மீ. தகட்டில் மூடி வட்டம் வெட்ட வேண்டியிருந்தது. வட்டத்தின் விட்டம் 144 மி.மீ., வெட்டும் இடைவெளி 6, ஆக ஒன்றுக்கு 150. நேர் வரிசையில் 16 × 8 = 128. தகட்டில் 30 சதவீதம் கழிவு.

தேன்கூடு போல மாற்றி அடுக்கினால் சுமார் 15 சதவீதம் கூடும் என்று படித்திருந்தேன். அப்படியென்றால் 147 வர வேண்டும். வரிசைகளை அகலவாக்கில் போட்டேன்: 18 வரிசை, 8, 7 என்று மாறி மாறி, மொத்தம் 135 தான். வரிசைக்கு வரிசை உள்ள தூரத்தைத் திரும்பத் திரும்ப அளந்தேன்; 150 × 0.866, சுமார் 130. சரியாகத்தான் இருந்தது.

“தம்பி, வரிசையை நீளவாக்கில போட்டுப் பாருங்க” என்றார் மூத்த பாஸ். 9 வரிசை, 16, 15 என்று மாறி 140 வந்தது.

அப்போதுதான் ஓரத்தைப் பார்த்தேன். 16 வட்டம் போக மீதி 40 மி.மீ. அடுத்த வரிசை அரை வட்டம், அதாவது 75 நகர வேண்டும். இடமில்லாததால் ஒன்றுவிட்ட வரிசையில் ஒரு வட்டம் குறைந்துவிடுகிறது. அந்த 15 சதவீதம் ஓரமே இல்லாத தகட்டுக்கான கணக்கு.

இடைவெளியை 6இலிருந்து 3 ஆக்கினேன். இப்போது ஒன்றுக்கு 147. பதினாறரை வட்டத்துக்கு 2425.5 போதும். 9 வரிசையிலும் 16, மொத்தம் 144. கழிவு 21 சதவீதம். கத்தி 3 மி.மீ.க்குள் நேராக ஓடாவிட்டால் இது சரிவராது. நிம்மதியாக இருக்கிறது.