லேகியம் மருந்துதான், ஆனால் அதில் பாதிக்கு மேல் சர்க்கரை: குடும்பங்கள் செய்யும் தவறுகள்

மழைக்காலம் தொடங்கியதும் இராயபுரம், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பகுதிகளில் பல வீடுகளின் சமையலறை அலமாரிக்கு நெல்லிக்காய் லேகியமோ சியவனப்பிராசமோ ஒரு பெரிய டப்பாவாக வந்து சேர்ந்துவிடும். சிலர் கம்பெனித் தயாரிப்பை வாங்குவார்கள். சிலர் ராசப்பச் செட்டித் தெரு நாட்டு மருந்துக் கடைகளில் எடைபோட்டு வாங்கி வருவார்கள். இப்பகுதியில் சித்த மருத்துவம் பார்ப்பவன் என்ற முறையில் லேகியத்தைக் கொடுப்பதிலோ கிண்டுவதிலோ எனக்கு எந்த மனத்தடையும் இல்லை. ஆனால், புதிதாகச் சர்க்கரை நோய் கண்டறியப்பட்டவர்களின் வீடுகளில் ஒரே தவறு ஆண்டுதோறும் நடக்கிறது; எங்களிடம் பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்களும் எங்கள் தலைமுறை கேட்கத் தவறிய அதே கேள்வியைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். காலாவதித் தேதி பாருங்கள், ஈரக் கரண்டி போடாதீர்கள் என்பனவெல்லாம் அனைவரும் அறிந்தவை என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

மருந்துக் கணக்கில் வைத்து, சர்க்கரைக் கணக்கிலிருந்து விட்டுவிடுவது

பழைய வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சர்க்கரை நோய்க்காகக் காலையில் கிளிமெபிரைடு 1 மில்லிகிராம் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். டிசம்பரில் எடுத்த பரிசோதனையில் வெறும் வயிற்றில் 118 என்று வந்த அளவு, சாப்பிட்ட 2 மணி நேரத்துக்குப் பிறகு 236 ஆக இருந்தது. அவரைப் பார்த்துவந்த மருத்துவர் இரண்டு கேள்விகளை முறையாகவே கேட்டிருக்கிறார். வேறு மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா என்றதற்கு, நீங்கள் எழுதிக் கொடுத்த மாத்திரை மட்டும்தான் என்று பதில் வந்தது. இனிப்பு சாப்பிடுகிறீர்களா என்றதற்கு, "டீல கூட சர்க்கரை போடறதில்ல சார்" என்று பதில் வந்தது. இரண்டும் அவரளவில் உண்மையான பதில்களே. மாத்திரை 2 மில்லிகிராமாக உயர்த்தப்பட்டது.

பொங்கல் நெருங்கும் நேரத்தில், அவர் சாப்பிட்டுவந்த லேகியத்தின் டப்பா தீர்ந்தது. மழையும் ஓய்ந்துவிட்டதால் அடுத்த டப்பாவை வாங்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாள் முற்பகல் பதினொன்றரை மணிக்குக் கைநடுக்கமும் வியர்வையுமாக அவர் திண்ணையில் சாய்ந்துவிட்டார். வீட்டுக் கருவியில் பார்த்தபோது 64 காட்டியது. 70க்குக் கீழே போனால் அது தாழ்சர்க்கரை. மருமகள் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடியும் பார்த்திருக்கிறார். அது சரியான செயல். (அந்த நேரத்தில் லேகியம் கையில் இருந்தாலும் அதைக் கொடுக்கக் கூடாது. சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதை அதிலுள்ள நெய் தாமதப்படுத்தும்.) அவர் நினைவிழந்து, விழுங்க முடியாத நிலையில் இருந்திருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குத்தான் கொண்டு போயிருக்க வேண்டும்.

அவர்கள் என்னிடம் வந்தது உடம்பு அசதிக்கு வேறு லேகியம் கேட்டு. பழைய டப்பா எத்தனை நாளில் தீர்ந்தது என்று கேட்டேன். ஒரு கிலோ டப்பா, 15 நாள் என்றார்கள். வீட்டில் அதைச் சாப்பிட்டவர்கள் பெரியவரும் இரண்டு பேரக்குழந்தைகளும் மட்டுமே. அவர் பயன்படுத்திய கரண்டியை வரவழைத்துத் தராசில் வைத்து, எடையைக் கழித்துவிட்டு, அவர் எடுக்கும் விதமாகவே லேகியத்தை அள்ளச் சொன்னேன். கரண்டியின் விளிம்புக்கு மேலே கூம்பாக நின்ற அந்த லேகியத்தின் எடை 22 கிராம். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்றால் நாளுக்கு 44 கிராம். 15 நாளில் 660 கிராம். மீதி 340 கிராமைக் குழந்தைகள் இருவரும் பகிர்ந்திருந்தால் தலைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 11 கிராம். டப்பாக் கணக்கு சரியாகப் பொருந்தியது.

இப்போது சர்க்கரைக்கு வருவோம். கடையில் விற்கும் வழக்கமான நெல்லிக்காய் லேகியங்களில் பெரும்பாலும் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரையே. 60 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், பெரியவரின் உடலுக்குள் நாளொன்றுக்கு 26 கிராம் சர்க்கரை போயிருக்கிறது. அதாவது ஐந்தாறு தேக்கரண்டி. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, சர்க்கரை நோயில்லாத ஒரு பெரியவருக்கே நாள் முழுவதற்குமான சேர்ப்புச் சர்க்கரை சுமார் 25 கிராமுக்குள் இருப்பது நல்லது. டீயில் ஒரு கரண்டியை விட்டுக்கொடுத்த மனிதர், லேகியத்தில் அதைப்போல ஐந்து மடங்கைச் சாப்பிட்டிருக்கிறார். அந்தச் சர்க்கரைக்கு எதிராக மருத்துவர் மாத்திரையை ஏற்றினார். சர்க்கரை திடீரென்று நின்றது, மாத்திரை நிற்கவில்லை.

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். மருந்து என்றால் மாத்திரை, இனிப்பு என்றால் லட்டு என்று மனத்தில் இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. லேகியம் இரண்டிலும் விழுவதில்லை. ஆகவே, பயிற்சிக்கு வருபவர்களிடம் "மருந்து எடுக்கிறீர்களா" என்று கேட்காதீர்கள், "வீட்டில் என்ன டப்பா இருக்கிறது, அது எத்தனை நாளில் தீர்கிறது" என்று கேளுங்கள் என்று சொல்லிவருகிறேன். நோயாளியாக இருப்பவர், யாரும் கேட்காவிட்டாலும் இதைத் தாமாகச் சொல்லிவிட வேண்டும். லேகியத்தைத் தொடங்கும்போது மட்டுமன்றி நிறுத்தும்போதும் சொல்ல வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

டப்பாவின் பின்புறத்தில் சர்க்கரை அளவு இல்லை என்றால் சர்க்கரையே இல்லை என்று கொள்வது

பிஸ்கட் பாக்கெட்டில் இருப்பதுபோன்ற ஊட்டச்சத்து அட்டவணை பல லேகிய டப்பாக்களில் இருக்காது. உணவாக விற்கப்படும் பொருளுக்கு அந்த அட்டவணை தேவை. ஆயுர்வேத, சித்த மருந்தாக உரிமம் பெற்றவை 1940ஆம் ஆண்டின் மருந்துகள் சட்டத்தின்கீழ் வருவதால் அவற்றின் பட்டியல் வேறு விதமானது. ஒவ்வொரு 10 கிராமிலும் இன்னின்ன மூலிகை இத்தனை மில்லிகிராம் என்று நீளமாக அச்சிட்டிருப்பார்கள், கடைசியில் சர்க்கரைப் பாகு என்று எழுதி, பக்கத்தில் "க்யூ.எஸ்." என்ற இரண்டு எழுத்துகள் இருக்கும். தேவையான அளவு என்பது அதன் பொருள். முப்பது நாற்பது மூலிகைகளின் பெயர்களைப் படித்து வியப்பவர்கள் அந்த இரண்டு எழுத்துகளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், ஆனால் டப்பாவின் எடையில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. மூலிகைகளின் அளவுகளைக் கூட்டி 10 கிராமிலிருந்து கழித்தால் ஒரு தோராயம் கிடைக்கும். நெல்லிக்காய் விழுதைப் பச்சை எடையில் குறித்திருந்தால், கிண்டும்போது அதன் நீர் வற்றிவிடுவதால், உண்மையான சர்க்கரை விகிதம் அந்தத் தோராயத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

இதில் தயாரிப்பாளரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. பாகு கம்பிப் பதம் வந்த பிறகு சூரணத்தைத் தூவி, நெய்விட்டுக் கிண்டி, ஆறிய பின் தேன் சேர்ப்பது லேகியத்தின் முறை. அந்த அடர்ந்த பாகுதான் பூஞ்சை பிடிக்காமல் மாதக்கணக்கில் காக்கிறது. சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துக் கிண்டினால் கிடைப்பது நல்ல லேகியமன்று, சில நாட்களில் புளித்துப்போகும் விழுது.

வெல்லம், கருப்பட்டி, தேன் என்றால் பரவாயில்லை என்பது

பரவாயில்லை என்று சொல்ல இயலாது. ரத்தச் சர்க்கரையைப் பொறுத்தவரை இவற்றுக்கும் வெள்ளைச் சர்க்கரைக்கும் நடைமுறையில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. பனங்கற்கண்டும் அப்படியே.

'சுகர் ஃப்ரீ' டப்பாவை அளவின்றிச் சாப்பிடுவது

இவற்றில் பாகுக்குப் பதிலாகச் சார்பிட்டால், மால்டிட்டால் போன்ற இனிப்பூட்டிகளைப் பயன்படுத்துகிறார்கள். அவை சர்க்கரையைவிடக் குறைவாகவே ரத்த அளவை ஏற்றுகின்றன, ஆனால் மால்டிட்டால் அறவே ஏற்றாது என்று கூறிவிட முடியாது. இரண்டுமே அளவு மீறினால் வயிறு உப்பி, பேதியாகும். சேர்ப்புச் சர்க்கரை இல்லை என்று மட்டும் எழுதிய டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் பேரீச்சையோ உலர்திராட்சையோ இருக்கலாம்; அது வேறு பெயரில் வரும் அதே சர்க்கரை.

ஒரு வயது நிரம்பாத குழந்தையின் நாக்கில் தடவுவது

கூடாது. லேகியத்தில் தேன் இருக்கிறது. பச்சிளம் குழந்தைகளுக்குத் தேன் வழியாகப் பாட்யூலிசம் என்னும் ஆபத்தான நச்சு நோய் வரக்கூடும்.

வளரும் பிள்ளைக்குப் பெரியவர் கரண்டி

இரண்டு வயது வரை சேர்ப்புச் சர்க்கரை தேவையே இல்லை. அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுக்க விரும்பினால், டப்பாவில் வயதுக்கேற்பக் குறிப்பிட்டிருக்கும் அளவை 5 மில்லி அளவுகோல் கரண்டியால், விளிம்பு வழித்து எடுங்கள். அது சுமார் 7 கிராம் நிற்கும். மேலே சொன்ன பேரக்குழந்தைகள் உண்ட 11 கிராமில் ஏறத்தாழ 7 கிராம் சர்க்கரை. அதனுடன் சத்துமாவுப் பானத்தையும் பிஸ்கட்டையும் சேர்த்துப் பார்த்தால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது சிறிய அளவல்ல. இரவில் பல் துலக்கிய பிறகு லேகியம் நக்கிப் படுக்கும் வழக்கமே பற்களுக்கு மிகவும் கெடுதல். அது பல்லிடுக்கில் ஒட்டிக்கொண்டு விடியும்வரை நிற்கும். பிள்ளை மெலிந்திருக்கிறது, அடிக்கடி தண்ணீர் கேட்கிறது, இரவில் பலமுறை சிறுநீர் கழிக்கிறது என்றால் சத்துக்காக லேகியம் வாங்காமல் அன்றைக்கே ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். குழந்தைகளுக்கு வரும் சர்க்கரை நோய் அப்படித்தான் தலைகாட்டும்.

ஒரே ஒரு முறை குத்திப் பார்த்துவிட்டு, எனக்கு ஏறவில்லை என்று முடிவு செய்வது

வீட்டுக் கருவிகள் 100க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீதம் வரை முன்பின் காட்டலாம். அதாவது 180 என்ற எண் உண்மையில் 160ஆகவும் இருக்கலாம், 200ஆகவும் இருக்கலாம். ஆகவே ஒரு தனி எண்ணை வைத்து லேகியத்தைக் குற்றவாளியாக்கவும் முடியாது, விடுவிக்கவும் முடியாது. ஒரே எண்ணிக்கையிலான இட்டிலி, ஒரே சாம்பார், ஒரே நேரம் என்று வைத்துக்கொண்டு, லேகியத்துடன் சில காலைகளும் லேகியம் இல்லாமல் சில காலைகளும் முதல் வாய் உண்டதிலிருந்து 2 மணி நேரத்தில் பார்த்து எழுதுங்கள். அந்த நாட்களில் மாத்திரையை வழக்கமான நேரத்தில், வழக்கமான அளவிலேயே போட வேண்டும். எழுதிய தாளுடன் டப்பாவையும் நீங்கள் பயன்படுத்தும் கரண்டியையும் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். லேகியத்தை நிறுத்தப் போகிறீர்கள் என்றால் எந்தத் தேதியில் நிறுத்துகிறீர்கள் என்பதையும் முன்கூட்டியே அவரிடம் சொல்லுங்கள். மாத்திரையைக் குறைக்க வேண்டுமா என்பதை அவர் அதை வைத்துத்தான் தீர்மானிக்க முடியும்.